ரயிலில் கொடுத்த ஒப்புதல்: வாஷ் கேர் லேபிள் ஒன்று தப்பாக அச்சான கதை

திருப்பூரில் ஒரு நடுத்தர பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நடந்தது இது. அங்கே உற்பத்தித் திட்டத்தைப் பார்ப்பவன் நான். ஆட்களின் பெயரோ வாங்குபவரின் பெயரோ இங்கே இல்லை. என் பங்குக்கும் இதில் ஒரு தவறு உண்டு, அது வர வேண்டிய இடத்தில் வரும்.

பின்னணி

ஆர்டர் 18,000 பெண்கள் டி-ஷர்ட், ஐரோப்பாவுக்கு. முதலில் பேசியது முழுப் பருத்தி சிங்கிள் ஜெர்சி. சாம்பிள் போன பிறகு வாங்குபவர் துணியை மாற்றினார்: 95% காட்டன், 5% எலாஸ்டேன். ஊரில் லைக்ரா என்று சொல்வோம், லேபிளில் எலாஸ்டேன் என்றுதான் போட வேண்டும். துணி மாறியதால் வாஷ் கேர் லேபிளும் மாற வேண்டியதாயிற்று. டி-ஷர்ட்டின் உள்பக்கம் சைடு தையலில் தொங்குமே, அந்தச் சின்ன நாடாதான் வாஷ் கேர் லேபிள்.

இந்த லேபிளை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 ஒழுங்குவிதிப்படி துணியில் எந்த இழை எத்தனை சதவீதம் என்பது லேபிளில் சரியாக இருக்க வேண்டும். உற்பத்தியில் வரும் வேறுபாட்டுக்கு 3% வரை விட்டுக்கொடுப்பார்கள். முழுப் பருத்தி என்று எழுதிவிட்டு 5% எலாஸ்டேன் வைத்தால் அதற்குள் அடங்காது.

எங்கள் நிறுவனத்தில் இரண்டு வருடமாக எல்லா வேலையும் ஒரு டாஸ்க் செயலியில் ஓடுகிறது. ஆர்டருக்கு ஒரு பலகை. அதில் நூல் வாங்குவது, நிட்டிங், சாயம், லேபிள், பாலிபேக், கட்டிங் என்று ஒவ்வொன்றும் ஒரு டாஸ்க். வாங்குபவரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர் கோப்பைப் போட்டு ஒப்புதலுக்கு அனுப்புவார், மெர்ச்சண்டைசிங் மேலாளர் பார்த்து ஒப்புதல் கொடுப்பார். கொடுத்ததும் அடுத்த ஆளுக்கு டாஸ்க் தானாகப் போய்விடும். இந்தத் 'தானாக' நான் அமைத்தது. ஒப்புதல் வந்த பிறகும் பர்ச்சேஸில் ஒரு நாள் சும்மா கிடக்கிறதே என்று செய்தேன். அதில் நல்ல பலனும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை

வாங்குபவருக்காக இங்கே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் பையிங் ஹவுஸ் சென்னையில் இருக்கிறது; அங்கே ஒரு கூட்டத்துக்கு மேலாளர் காலை ரயிலில் கிளம்பினார். ஈரோடு வரை பேப்பர் படித்தார். அப்புறம் போனை எடுத்தார். ஒப்புதலுக்காக 14 டாஸ்க் காத்திருந்தது. அரை மணி நேரத்தில் 11-ஐ முடித்தார்.

எட்டாவதாக வந்தது இந்த லேபிள். 8:34-க்கு ஒப்புதல் பதிவாகியிருக்கிறது. அதற்கு முந்தைய டாஸ்க்கை 8:33-க்கு முடித்திருக்கிறார். அதாவது லேபிளைப் பார்த்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

அந்த டாஸ்க்கில் இரண்டு கோப்பு இருந்தன. ஒன்று முழுப் பருத்திக்கு மூன்று வாரம் முன்பு போட்ட `WCL_V1.pdf`, மற்றது திங்கட்கிழமை மாலை மெர்ச்சண்டைசர் போட்ட `WCL_V2.pdf`. கணினியில் திறந்தால் இரண்டும் தேதியோடு ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும், கீழே மெர்ச்சண்டைசர் எழுதிய குறிப்பும் தெரியும். போனில் அப்படியில்லை. முதலில் போட்ட கோப்பின் சிறு படம் மட்டும் மேலே நிற்கும். இன்னொன்றைப் பார்க்க அதைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். குறிப்பு அடியில் சுருங்கிக் கிடக்கும். ஒப்புதல் பொத்தான் மட்டும் எங்கே நகர்ந்தாலும் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கும்.

மேலாளர் திறந்தது வி1. பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் இழை விவரம், அதற்கு மேல் சலவைக் குறிகள், நாடா அகலம் 3 சென்டிமீட்டர். போன் திரையில் ஒரு பக்கம் முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் எழுத்து கடுகு போல ஆகிவிடும். அவர் பெரிதாக்கிப் பார்த்தது சலவைக் குறிகளை. குறிகளில் வி1-க்கும் வி2-க்கும் இருந்த வேறுபாடு இஸ்திரிப்பெட்டிக்குள் இருக்கும் புள்ளி மட்டும்தான்: பருத்திக்கு இரண்டு புள்ளி, அதாவது 150 டிகிரி வரை; எலாஸ்டேன் சேர்ந்ததற்கு ஒரு புள்ளி, 110 டிகிரி வரை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது.

ஒப்புதல் விழுந்ததும் பர்ச்சேஸ் உதவியாளருக்குத் தகவல் போயிற்று. அந்தத் தம்பி அப்போது சாயப்பட்டறையில் ஒரு லாட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவரும் போனில்தான் பார்த்தார், அவருக்கும் மேலே நின்றது வி1. கோப்பை இறக்கி, 18,500 லேபிள் என்று எழுதி, 8:50-க்கு அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு டாஸ்க்கில் 'ஆர்டர் கொடுத்தாச்சு' என்று குறித்தார். அவரைக் கேட்டபோது சொன்னார்: "சார் அப்ரூவல் குடுத்துட்டாரு, மேல இருந்த ஃபைல அனுப்பிட்டனுங்க." அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

சேலம் தாண்டிய பிறகு, 9:25 வாக்கில், மேலாளர் வேறு ஒரு டாஸ்க்கைத் தேடும்போது மெர்ச்சண்டைசரின் குறிப்பு கண்ணில் பட்டது: "வி2 போட்டிருக்கேன் சார், பழசைப் பார்க்க வேண்டாம்." பதறிப்போய் ஒப்புதலை எடுத்து, நிலையை 'நிறுத்தம்' என்று மாற்றினார். திரையில் மாறியது, சிவப்பு நிறம் வந்தது. நிம்மதியாகப் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

பொம்மிடி, மொரப்பூர் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். அந்த மாற்றம் போனிலேயே தங்கிவிட்டது. அனுப்பப்படாத மாற்றத்துக்குப் பக்கத்தில் செயலி ஒரு சின்னக் கடிகாரக் குறி காட்டும். சாம்பல் நிறம், மிளகளவு. அதை அவர் பார்க்கவில்லை. நானும் அதற்கு முன் பார்த்ததில்லை, இந்த ஆய்வுக்காக விமானப் பயன்முறையில் போட்டுச் சோதித்தபோதுதான் கண்டேன். மாற்றம் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது 10:38-க்கு. ஜோலார்பேட்டை வந்திருக்கும்.

அது போய்ச் சேர்ந்தும் பலனில்லாமல் போனதுதான் இந்த நிகழ்வில் எனக்கு இன்னும் உறுத்துவது. அவர் நிறுத்தியது ஒப்புதல் டாஸ்க்கை. அதிலிருந்து கிளம்பிய பர்ச்சேஸ் டாஸ்க் தனி. முதலாவதை நிறுத்தினால் இரண்டாவதும் நிற்கும்படி நான் அமைக்கவில்லை. முன்னே போக வழி போட்டேன், பின்னே வர வழி போடவில்லை. 'நிறுத்தம்' என்ற தகவல் மெர்ச்சண்டைசருக்கு மட்டும் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டு, சார் கவனித்துவிட்டார், ஆர்டர் போகவில்லை என்று எடுத்துக்கொண்டார். மேலாளரும் அதையேதான் நினைத்தார். அன்று மதியம் அச்சகத்தில் வி1 ஓடியது.

சனிக்கிழமை தெரிய வந்தது

லேபிள் வியாழக்கிழமை ஸ்டோருக்கு வந்தது. ஸ்டோரில் எண்ணிக்கை பார்த்தார்கள், நாடா அகலம் பார்த்தார்கள், எடுத்து வைத்தார்கள். இழை விவரத்தை ஒப்பிட அவர்களிடம் ஆவணம் இல்லை. ஆர்டர் படிவத்தில் இருந்ததே பொருள் எண்ணும் அளவும்தான். வெள்ளிக்கிழமை தையல் தொடங்கியது.

சனி மதியம் லைனில் இருந்த செக்கிங் பெண் ஒருவர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "இழுத்து விட்டா டப்புனு பழையபடி சேருதுங்க. லேபிள்ல நூறு பர்சன்ட் காட்டன்னு போட்டிருக்குது. எப்படிங்க?" லேபிளைச் சரிபார்ப்பது அவருடைய பட்டியலில் இல்லை. தையல், அளவு, கறை பார்ப்பதுதான் அவர் வேலை. கை சொன்னதும் கண் படித்ததும் ஒத்துப்போகவில்லை, கேட்டுவிட்டார். அதற்குள் சைடு தையல் முடிந்திருந்தது 2,100 பீஸ்.

அன்று எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, லைனை முழுக்க நிறுத்துவதில்லை. டி-ஷர்ட்டில் ஷோல்டர் சேர்த்து, கழுத்து ரிப் வைத்து, கை ஏற்றிய பிறகுதான் சைடு தையல் வரும். லேபிள் நுழைவது அங்கேதான். ஆகவே அதற்கு முந்தைய வேலைகள் ஓடட்டும், சைடு தையலுக்கு முன்னால் கட்டுகள் சேரட்டும் என்று விட்டோம். திங்கட்கிழமை மாலை சரியான லேபிள் வரும் வரை அப்படியே ஓடியது.

இரண்டாவது, தைத்த 2,100 பீஸை என்ன செய்வது. பழைய லேபிளை ஒட்ட வெட்டிவிட்டு, உள்மடிப்பில் புதியதைத் தனியாகத் தைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சீக்கிரம் முடியும். ஆனால் தையலுக்குள் பழைய நாடாவின் வேர் நிற்கும், உடுத்தினால் குத்தும், இன்ஸ்பெக்‌ஷனில் மாட்டும். அதனால் லேபிள் இருக்கும் இடத்தில் மட்டும் மூன்று அங்குலம் ஓவர்லாக்கைப் பிரித்து, மாற்றி வைத்து, மறுபடி ஓட்டுவது என்று முடிவானது. பீஸுக்கு நாலு நிமிடம் பிடித்தது. மொத்தம் 140 மணி நேரம், ஆறு பேருக்கு மூன்று நாள். பிரிக்கும்போது துணியில் கத்தி பட்டு 38 பீஸ் வீணானது. கட்டிங்கில் 3% கூடுதலாக வெட்டியிருந்ததால் எண்ணிக்கை குறையவில்லை.

மூன்றாவது, பையிங் ஹவுஸுக்குச் சொல்வது. சொல்ல வேண்டாம், சரிசெய்துதானே அனுப்புகிறோம் என்று ஒருவர் சொன்னார். மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. பிரித்துத் தைத்த இடம் தெரிந்த கண்ணுக்குத் தெரியும். இன்ஸ்பெக்‌ஷனில் அவர்களே கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிடலாம் என்றார். சொன்னோம். சரிசெய்த பீஸ்களைத் தனி அட்டைப்பெட்டிகளில் எண் போட்டு வைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கடைசி இன்ஸ்பெக்‌ஷன் இரண்டு நாள் தள்ளி நடந்து தேறியது. தூத்துக்குடியில் சரக்கு ஏற்கும் கடைசி நாளுக்குள் கன்டெய்னர் போய்ச் சேர்ந்தது. லேபிள் ஒன்று 60 பைசா, வீணானது 11,100 ரூபாய்தான். ஆறு பேரின் மூன்று நாள் கூலியும், 38 பீஸும், கப்பலுக்கு முன் கையில் இருந்த இரண்டு நாளும் அதற்கு மேல்.

எங்கே பிசகியது என்று பார்த்தபோது

அடுத்த வாரம் மேலாளரும் நானும் உட்கார்ந்து, அந்த ரயிலில் வந்த 14 டாஸ்க்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். தப்பான ஒன்றை மட்டும் பார்த்தால் 'கவனமாக இருங்கள்' என்பதோடு முடிந்துவிடும். மீதி எப்படி நடந்தன என்பதும் தெரிய வேண்டும்.

ஒப்புதல் கொடுக்காமல் அவர் விட்ட மூன்றில் ஒன்று லேப் டிப், அதாவது சாயப்பட்டறை அனுப்பும் நிற மாதிரித் துண்டு. அதன் போட்டோவை யாரோ டாஸ்க்கில் போட்டிருந்தார்கள். அவர் தொடவே இல்லை. "நேரில், லைட் பாக்ஸில்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். காரணம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். போன் கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தும், திரையின் வெளிச்சம் இன்னொரு பக்கம் திருத்தும். டி65 என்ற பகல் வெளிச்ச விளக்கில் பொருந்துகிற துண்டு, கடைகளில் இருக்கிற டிஎல்84 விளக்கில் பொருந்தாமல் போவதும் உண்டு. போனை வைத்து நிறத்துக்கு ஒப்புதல் கொடுக்க மாட்டார்.

இவ்வளவு ஜாக்கிரதையானவர் லேபிளில் ஏன் ஏமாந்தார்? நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "நிறம்னா பயம் இருக்கு. இது எழுத்துதானே, எங்க படிச்சா என்னன்னு நினைச்சேன்." நான் பல பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தைப் போனில் படித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் லேபிளில் அவர் செய்ய வேண்டியிருந்தது படிப்பது இல்லை, ஒப்பிடுவது. பழைய ஆர்ட்வொர்க், புதிய ஆர்ட்வொர்க், வாங்குபவரின் விவரத்தாள் என மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டிய வேலை. போனில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும். மற்ற இரண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், முந்தின நாள் இரவு சரியாகத் தூங்காமல் காலை ரயில் பிடித்தவருக்கு.

சிக்கலில்லாமல் போன டாஸ்க்குகள் எப்படிப்பட்டவை என்று பார்த்தால் அதுவும் விளங்கியது. நூல் வந்து இறங்கியதா, ஆம். கேட் பாஸ் ஒன்று. ஒருவருக்கு லீவு. சாம்பிள் கூரியரில் போயிற்றா, போயிற்று, ரசீது எண் இது. ஒரு மெர்ச்சண்டைசரிடம் இருந்த டாஸ்க்கை இன்னொருவருக்கு மாற்றியது. பாலிபேக் அளவு பற்றி ஒரு கேள்விக்குப் பதில். இவை எல்லாவற்றுக்கும் விடை அவர் தலைக்குள் ஏற்கெனவே இருந்தது, அல்லது அந்த ஒரு திரைக்குள் முழுசாக இருந்தது. நாளைக்கு மாற்ற வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் அகப்பட்டது. 11-ல் ஒன்று, துணி வந்து சேரும் தேதியை இரண்டு நாள் தள்ளி வைத்தது. தேதியை மாற்றும்போது அதைச் சார்ந்த மற்ற டாஸ்க்குகளையும் தள்ளட்டுமா என்று செயலி கேட்கும். கணினியில் எந்தெந்த டாஸ்க் என்று பட்டியல் காட்டும், போனில் ஆம் / இல்லை மட்டும். அவர் ஆம் என்றார். கட்டிங் தொடங்கி பேக்கிங் வரை ஆறு டாஸ்க் நகர்ந்தன, அதில் இன்ஸ்பெக்‌ஷன் தேதியும் ஒன்று. அது வாங்குபவரோடு பேசி வைத்த தேதி, நாமாக நகர்த்தக் கூடாதது. புதன்கிழமை காலை நான் கால அட்டவணையைத் திறந்தபோது கண்ணில் பட்டது, திருப்பி வைத்தேன். அதனால் சேதம் ஒன்றும் இல்லை. லேபிள் விவகாரம் நடக்காமல் இருந்திருந்தால் இதை யாரும் பேசியிருக்கவே மாட்டோம்.

கடைசியாக ஒப்புதல் எதன் மேல் விழுகிறது என்ற விஷயம். எங்கள் செயலியில் ஒப்புதல் டாஸ்க்கின் மேல்தான் விழுகிறது, கோப்பின் மேல் இல்லை. 'ஒப்புதல் கொடுத்தார், 8:34' என்று பதிவு இருக்கும். எதைப் பார்த்துக் கொடுத்தார் என்று இருக்காது. மேசையில் பேப்பர் இருந்த காலத்தில் அந்தப் பேப்பரிலேயே கையெழுத்துப் போட்டார்கள். எந்த ஆர்ட்வொர்க்கில் கையெழுத்து இருக்கிறதோ அதுதான் அச்சகத்துக்குப் போகும், பழைய தாள் குப்பையில் கிடக்கும். செயலிக்கு மாறியபோது அந்த ஒட்டு விட்டுப்போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

என்ன மாற்றினோம்

முதலில் நான் நீளமாக ஒரு பட்டியல் போட்டேன்: இன்னின்ன டாஸ்க் போனில், இன்னின்ன டாஸ்க் மேசையில் என்று நாற்பது வரி. மேலாளர் பார்த்துவிட்டு, "இதை ரயில்ல யார் ஞாபகம் வெச்சுக்குவா?" என்று கேட்டார். நியாயம்தான். கடைசியில் நின்றது மூன்றே சொல்: அச்சு, வெட்டு, சாயம். இந்த ஒப்புதலை வைத்து வெளியே எங்கேயாவது ஒன்று அச்சாகுமா, துணி வெட்டப்படுமா, துணி சாயத்தில் இறங்குமா? ஆகுமென்றால் போனில் தொடக் கூடாது. மூன்றும் திரும்பப் பெற முடியாதவை. லேபிள், அட்டைப்பெட்டி அச்சு, துணியில் போடும் பிரின்ட்டின் மாதிரியான ஸ்ட்ரைக்-ஆஃப், சைஸ் ரேஷியோ, துணி வெட்டும் வரைபடமான மார்க்கர், லேப் டிப் எல்லாம் இதற்குள் வந்துவிடும். விலைக் கணக்குத் தாளும் வெட்டுதான் என்று மேலாளர் சேர்த்துக்கொண்டார். எக்ஸெல் தாளைப் போனில் திறந்தால் வலது பக்கம் எத்தனை நெடுவரிசை இருக்கிறது என்றே தெரியாது.

இந்த வகை டாஸ்க்குகளில் ஒப்புதல் பொத்தானை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒப்புதல் கொடுப்பவர் உள்ளடக்கத்தைத் தன் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். லேபிளுக்கு என்றால் "வி2, 95 காட்டன் 5 எலாஸ்டேன், இஸ்திரி ஒரு புள்ளி" என்று. இதைப் போனிலும் தட்டச்சு செய்ய முடியும், செயலி தடுக்காது. ஆனால் அந்த வரியை எழுதுவதற்குக் கோப்பைத் திறந்து அந்த இடத்தைப் படித்தே ஆக வேண்டும். பர்ச்சேஸ் தம்பி அச்சகத்துக்கு அனுப்பும் முன், கையில் இருக்கும் கோப்பும் அந்த வரியும் ஒன்றுதானா என்று பார்ப்பார். ஸ்டோருக்கும் அதே வரி ஆர்டர் படிவத்தில் போகிறது. முன்பு அவர்களிடம் ஒப்பிட ஒன்றுமில்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறது.

புதிய கோப்பு போடுகிறவர் பழையதை அந்த டாஸ்க்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னோம். வரலாறு வேண்டுமே என்று மெர்ச்சண்டைசர் தயங்கினார். வரலாறு வேறு ஃபோல்டரில் இருக்கட்டும், ஒப்புதல் கேட்கும் டாஸ்க்கில் ஒரே கோப்புதான்.

பூட்டிய திரையிலேயே ஒப்புதல் கொடுக்கும் வசதியையும் எல்லார் போனிலும் அணைத்தோம். அன்று மேலாளர் அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் முந்தைய மூன்று மாதப் பதிவைப் பார்த்தபோது பலர் அதில்தான் ஒப்புதல் கொடுத்து வந்திருந்தார்கள் என்பது தெரிந்தது, டாஸ்க்கைத் திறக்காமலே.

'நிறுத்தம்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போனில் ஒப்புதல் கொடுக்காதே என்பதற்காக நிறுத்தாதே என்று ஆகிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் எங்கிருந்தும் நிறுத்தலாம், அதில் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் செயலியில் நிறுத்தினால் போதாது, அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். அன்று 9:25-க்கு மேலாளர் செயலியை நம்பாமல் பர்ச்சேஸ் தம்பிக்கு ஒரு அழைப்பு போட்டிருந்தால், அழைப்பும் போகாமல்தான் இருந்திருக்கும். ஆனால் போகவில்லை என்பது உடனே தெரிந்திருக்கும். மறுபடி முயன்றிருப்பார். 10:38-க்குச் சிக்னல் வந்தபோது கூப்பிட்டிருந்தால்கூட அச்சகத்தில் இன்னும் மெஷின் ஏறவில்லை. அச்சகக்காரரிடமே கேட்டேன், அன்று இரண்டு மணிக்கு மேல்தான் ஓட்டியதாகச் சொன்னார்.

என் பங்குக்கு, ஒப்புதல் டாஸ்க்கை நிறுத்தினால் அதிலிருந்து பிறந்த பர்ச்சேஸ் டாஸ்க்கும் நிற்கும்படி அமைத்தேன். இருபது நிமிட வேலை. இரண்டு வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது.

அப்புறம் நடந்தது

அடுத்த மாதம் மேலாளர் மூன்று நாள் வெளியூர் போனார். புது முறைக்கு அதுதான் முதல் சோதனை, அதில் நாங்கள் சறுக்கினோம். 'மேசைக்கு' என்று குறித்த டாஸ்க்குகள் அவர் திரும்பி வரும் வரை அப்படியே நின்றன, ஒன்பது. அதில் ஒரு அட்டைப்பெட்டி அச்சு இரண்டு நாள் தாமதம். போனில் ஒப்புதல் கொடுக்காதே என்று சொல்வது எளிது. மேசையில் யாரும் இல்லாவிட்டால் அந்த ஒப்புதல் எங்கே நடக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

இப்போது அவர் ஊரில் இல்லாத நாளில் சீனியர் மெர்ச்சண்டைசர் ஒருவர் பார்க்கிறார். அவரிடம் வாங்குபவரின் விவரத்தாளும் சீல் வைத்த சாம்பிளும் இருக்கும். ஆனால் தான் போட்ட கோப்புக்குத் தானே ஒப்புதல் கொடுக்க முடியாது, அப்படி வந்தால் நான் பார்க்கிறேன். விலைக் கணக்கும் லேப் டிப்பும் மட்டும் மேலாளருக்காகக் காத்திருக்கும். கிளம்பும் முன் அவரே உட்கார்ந்து அடுத்த மூன்று நாளில் வரப்போகிற அச்சு, வெட்டு, சாயம் எவை என்று பலகையில் பார்த்து, முடிந்ததை அன்றே முடித்துவிடுகிறார். பெரும்பாலும் நாலைந்துதான் இருக்கும்.

வேறொரு பக்க விளைவும் வந்தது. மெர்ச்சண்டைசர்கள் பயத்தில் எல்லாவற்றையும் 'மேசைக்கு' என்று குறிக்க ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில் கூரியர் ரசீதுகூட அதில் வந்தது. மேலாளர் ஒருநாள் ஒருவரைக் கூப்பிட்டு, "ஏம்மா, இதுல என்ன அச்சாகப் போகுது?" என்று கேட்டார். அதோடு குறைந்தது.

இந்த ஆறு மாதத்தில் பழைய கோப்பு அச்சுக்குப் போகவில்லை. ஒருமுறை போகப் பார்த்தது. பர்ச்சேஸ் தம்பி ஒப்புதல் வரியில் 'வி3' என்று இருப்பதையும் கையில் வி2 இருப்பதையும் பார்த்து நிறுத்தினார். அந்த முறை ஒப்புதல் மேசையிலிருந்துதான் வந்தது, கணினியில்.

இன்னும் தீராதது

அச்சகக்காரர் இன்றும் கோப்பை வாட்ஸ்அப்பில்தான் கேட்கிறார். மின்னஞ்சலில் அனுப்பினால் திறப்பதில்லை, செயலிக்குள் வெளியாட்களைச் சேர்க்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆகவே எல்லாம் சரியாக நடந்தாலும் கடைசிக் கட்டத்தில் யாரோ ஒருவர் போனில் கோப்பைத் தேடி, விரலால் தொட்டு, அனுப்புகிறார். போன வாரம் அவரிடம் பேசிப் பார்த்தேன். மெஷின் ஏற்றும் முன் முதல் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்ப ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் போட்டோவையும் நாங்கள் போனில்தான் பார்ப்போம். அதை இழை விவரத் தாளோடு ஒப்பிடுவது யார் வேலை என்று இன்னும் முடிவாகவில்லை. எனக்கு அது செக்கிங்கில் இருக்கும் அந்தப் பெண்ணின் வேலையாக இருக்கலாம் என்று தோன்றுகிறது, அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.